டூட்டி லிஸ்ட்டை இரவிலிருந்து போடுங்கள்: வார்டில் சீனியர், ஜூனியரைக் கலக்கும் முறை

மருத்துவமனை வார்டுகளில் டூட்டி லிஸ்ட் பெரும்பாலும் காலை ஷிப்டிலிருந்துதான் போடப்படுகிறது. பெரிய டாக்டர்கள் ரவுண்ட்ஸ் வருவது காலையில், டிஸ்சார்ஜ் நடப்பதும் காலையில். அதனால் தெரிந்த ஆட்களைக் காலைக்கு வைத்துக்கொள்கிறார்கள். பிறகு மாலைக்கு ஆள் தேடி, மிச்சம் இருப்பவர்களை இரவுக்குத் தள்ளுகிறார்கள். மிச்சம் இருப்பவர்கள் யார்? வேண்டாம் என்று சொல்லத் தெரியாதவர்கள், அதாவது போன மாதம் சேர்ந்தவர்கள்.

காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் இருக்கிறார், கன்சல்டன்ட் இருக்கிறார், மருந்தகத்தில் முழு ஆள் இருக்கிறது, பக்கத்து வார்டிலும் கேட்க ஆள் உண்டு. சனிக்கிழமை இரவு 3 மணிக்கு ஒரு டியூட்டி டாக்டர் மட்டும், அவரும் வேறு மாடியில். அனுபவசாலி மிகக் குறைவாகத் தேவைப்படுவது வேலைநாள் காலையில். மிக அதிகமாகத் தேவைப்படுவது வார இறுதி இரவில். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு லிஸ்ட் போட்டால் பாதிச் சிக்கல் தொடங்கும் முன்பே தீர்ந்துவிடும்.

24 படுக்கை உள்ள ஒரு பொது மருத்துவ வார்டை எடுத்துக்கொள்வோம். காலை 7 முதல் 2 வரை 5 பேர். மாலை 1:30 முதல் 8 வரை 4 பேர். இரவு 7:30 முதல் மறுநாள் 7:30 வரை 3 பேர். ஒரு நாளைக்கு 12 இடம், வாரத்துக்கு 84. இன்சார்ஜ் சிஸ்டர் திங்கள் முதல் சனி வரை பகலில் இருப்பார், அவரை இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஸ்டாஃப் 16 பேர் என்றால் ஆளுக்கு வாரம் சராசரியாக 5.25 ஷிப்ட் வருகிறது.

முதலில் இந்த 16 பேரையும் மூன்று தரமாகப் பிரிக்க வேண்டும். இங்கேதான் முதல் தவறு நடக்கிறது. சேர்ந்த தேதியைப் பார்த்துப் பிரிக்கிறார்கள். வருடத்தைவிட வேலையைப் பார்த்துப் பிரிப்பதுதான் உதவும். ஷிப்டை முழுதாக நடத்தக்கூடியவர் ஏ. அதாவது நோயாளி மூச்சை நிறுத்தினால் டாக்டர் வரும்வரை என்ன செய்ய வேண்டும், யாரை எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்தவர். ஒரே நேரத்தில் மூன்று அட்மிஷன் வந்தால் படுக்கையையும் ஆளையும் பிரிக்கத் தெரிந்தவர். டாக்டர் எழுதிய டோஸ் தவறாகத் தோன்றினால் போன் செய்து கேட்கத் தயங்காதவர். தன் நோயாளிகளைத் தானே முழுமையாகப் பார்த்துக்கொள்வார், ஆனால் ஷிப்டை நடத்த இன்னும் பழகவில்லை என்றால் பி. மற்றவர் கண் தேவைப்படும்வரை சி.

இந்தப் பிரிவில் இரண்டு பேரை எல்லோரும் தவறாக எடை போடுகிறார்கள். ஒருவர், வேறு மருத்துவமனையில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு இங்கே புதிதாகச் சேர்ந்தவர். அவருக்கு நர்ஸிங் தெரியும், இந்த வார்டு தெரியாது. கிராஷ் கார்ட்டில் எந்த இழுப்பறையில் எந்த மருந்து, இரவில் ரத்த வங்கிக்கு யார் போவது, கம்ப்யூட்டரில் மருந்து ஆர்டர் எப்படிப் போடுவது, எந்த டாக்டரை எப்போது எழுப்பலாம், எதுவும் தெரியாது. முதல் இரண்டு வாரம் அவரை சி என்றே எண்ணுங்கள். மற்றவர், ஆள் குறைவென்று பக்கத்து வார்டிலிருந்து ஒரு நாளைக்கு அனுப்பப்படுபவர். பத்து வருட அனுபவம் இருந்தாலும் அந்த ஒரு நாளைக்கு அவர் உங்கள் வார்டில் ஏ கிடையாது. அவரை நம்பி ஷிப்டின் ஏ-வுக்கு லீவு கொடுத்தால், அன்றைக்கு வார்டில் ஏ இல்லை என்றே பொருள்.

நம் உதாரண வார்டில் 4 ஏ, 7 பி, 5 சி என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு ஷிப்டின் அமைப்பு இது. இரவு 3 பேரில் ஒரு ஏ, ஒரு பி, ஒரு சி. மாலை 4 பேரில் ஒரு ஏ, இரண்டு பி, ஒரு சி. காலை 5 பேரில் ஒரு ஏ, இரண்டு பி, இரண்டு சி.

இரவில் இரண்டு சி ஏன் கூடாது என்பதற்கு மருந்துச் சோதனையே போதுமான காரணம். இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு போன்ற ஆபத்து அதிகமுள்ள மருந்துகளை இரண்டு பேர் தனித்தனியாகச் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும் என்பது நடைமுறை. நம் ஊரில் இன்சுலின் குப்பி ஒரு மில்லிக்கு 40 யூனிட்டாகவும் வருகிறது, 100 யூனிட்டாகவும் வருகிறது. சிவப்பு மூடி சிரிஞ்ச் 40-க்கு, ஆரஞ்சு மூடி 100-க்கு. 100 யூனிட் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் எடுத்தால் நோயாளிக்குப் போவது சொன்ன அளவைப்போல் இரண்டரை மடங்கு. இதைத் தெரியாத ஒருவர் எடுத்து, தெரியாத இன்னொருவர் பார்த்தால் தாளில் இரண்டு கையெழுத்து இருக்கும், சோதனை நடந்திருக்காது. மூன்று பேர் உள்ள இரவில் இரண்டு சி இருந்து, ஏ வேறு ஒரு படுக்கையில் மாட்டிக்கொண்டால் இதுதான் நடக்கும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குச் சட்டென்று தெரியாது. புதியவர் மூச்சை எண்ணி 28 என்று சார்ட்டில் சரியாகவே எழுதுவார். எழுதிவிட்டு அடுத்த படுக்கைக்குப் போய்விடுவார். போன முறை 18 இருந்தது என்று திரும்பிப் பார்த்து, ஆக்சிஜன் அளவு எடுத்து, டாக்டருக்குச் சொல்வது பழக்கத்தில் வருவது. அந்தப் பழக்கம் உள்ளவர் பக்கத்தில் இருந்தால்தான் வரும். அதனால் கலவை என்பது ஷிப்டுக்குப் பாதுகாப்பு மட்டும் இல்லை, சி ஒருநாள் பி ஆவதற்கான ஒரே வழியும் அதுதான்.

இனி லிஸ்ட் போடும் வரிசை. ஏ-க்களை முதலில் வையுங்கள், எல்லா ஷிப்டுக்கும். அடுத்து சி-க்களை வையுங்கள். பி-க்களைக் கடைசியில் வையுங்கள். பலர் ஏ முடிந்ததும் பி-க்கு வந்துவிடுவார்கள், அது தவறு. பி எங்கே போனாலும் பொருந்துவார். அவர்தான் உங்கள் கையில் உள்ள நெகிழ்வு. அதை முதலிலேயே செலவழித்துவிட்டால் கடைசியில் ஐந்து சி-க்களும் இருக்கும் ஓட்டைகளில் விழுவார்கள், ஓட்டை எங்கே இருக்கிறதோ அங்கே இரண்டு மூன்று பேர் சேர்ந்துவிடுவார்கள்.

ஏ-க்களின் கணக்கு இறுக்கமானது. நாளுக்கு 3 ஷிப்ட், வாரம் 21. நான்கு பேர் அதை நிரப்ப வேண்டும், யாரும் தொடர்ந்து இரவிலேயே மாட்டிக்கொள்ளவும் கூடாது. கீழே உள்ள நான்கு வாரச் சுழற்சி அதைச் செய்கிறது.

| வாரத்தின் பெயர் | திங்கள் | செவ்வாய் | புதன் | வியாழன் | வெள்ளி | சனி | ஞாயிறு |
|---|---|---|---|---|---|---|---|
| பாதி வாரம் | காலை | காலை | ஆஃப் | ஆஃப் | இரவு | இரவு | இரவு |
| காலை வாரம் | ஆஃப் | ஆஃப் | காலை | காலை | காலை | காலை | காலை |
| மாலை வாரம் | மாலை | மாலை | மாலை | மாலை | மாலை | மாலை | ஆஃப் |
| இரவு வாரம் | இரவு | இரவு | இரவு | இரவு | ஆஃப் | ஆஃப் | மாலை |

ஒவ்வொரு ஏ-வும் மேலிருந்து கீழாக ஒரு வாரம் ஒரு வரியாக நகர்வார். நான்காவது வரி முடிந்ததும் மறுபடி முதல் வரி. பாதி வாரத்தின் ஞாயிறு இரவு திங்கள் காலை 7:30-க்கு முடியும்; அவருக்கு அடுத்தது காலை வாரம் என்பதால் திங்கள் தூங்கவும் செவ்வாய் உண்மையான விடுமுறையாகவும் கிடைக்கிறது. நான்கு வாரத்தில் ஒவ்வொருவருக்கும் 7 இரவு. வாரத்துக்குச் சராசரி 45 மணி நேரத்துக்கு அருகில் வரும். ஆனால் வாரத்துக்கு வாரம் ஏற்றத்தாழ்வு உண்டு: இரவு வாரம் 54.5 மணி நேரம், காலை வாரம் 35. இதை லிஸ்ட் தொடங்கும் முன்பே அவர்களிடம் எடுத்துச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் இரவு வாரத்தில் இருப்பவர் அநியாயம் என்று நினைப்பார், அதில் நியாயமும் இருக்கும்.

இந்தச் சுழற்சியில் உதிரி ஆள் ஒருவரும் இல்லை. ஒருவர் லீவு போட்டாலும் எங்கோ ஒரு ஷிப்ட் ஏ இல்லாமல் போகும். ஆளுக்கு வருடம் 24 நாள் விடுப்பு என்று வைத்தால் நான்கு பேருக்கு 96 நாள். கிட்டத்தட்ட வாரம் இரண்டு நாள் யாராவது ஒருவர் இருக்கமாட்டார். ஓட்டை விழுவது உறுதி. அது எங்கே விழ வேண்டும் என்பதை மட்டும்தான் நீங்கள் முடிவு செய்ய முடியும். அதனால் திட்டமிட்ட விடுப்பு எல்லாவற்றையும் காலை வாரத்தில் மட்டும் கொடுங்கள். புதன் முதல் சனி வரை காலையில் இன்சார்ஜ் சிஸ்டர் இருக்கிறார், ஏ-வின் இடத்தை அவர் பார்த்துக்கொள்வார். ஞாயிறு காலை ஒன்றுக்கு மட்டும் அடுத்து ஏ ஆகப்போகும் பி ஒருவரை வைக்கலாம். விடுப்பு எடுப்பவருக்கும் திங்கள், செவ்வாய் ஆஃப் சேர்ந்து முழு வாரம் கிடைக்கிறது. ஊருக்குப் போய்வர அதைவிட வேறு என்ன வேண்டும்? நான்கு வாரத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் இந்த வாய்ப்பு வரும் என்று தெரிந்துவிட்டால் திடீர் லீவும் குறையும்.

கல்யாணம், காதுகுத்து எல்லாம் நம் சுழற்சியைப் பார்த்து வருவதில்லை. அப்போது ஏ-க்கள் இருவர் தங்களுக்குள் ஒரு வாரத்தை முழுதாக மாற்றிக்கொள்வதுதான் சுலபம். ஆனால் ஒரு வாரம் முடிந்து அடுத்த வாரம் தொடங்கும் இடத்தைப் பார்த்துத்தான் சரி சொல்ல வேண்டும். ஞாயிறு இரவு முடித்தவர் திங்கள் காலை 7 மணிக்கு வரும்படி ஆகிவிடும் மாற்றங்கள் சில உண்டு.

இரவுக்கு வர வேண்டிய ஏ திடீரென்று காய்ச்சல் என்று மதியம் போன் செய்தால், அன்று காலை வேலை பார்த்தவரை இரவுக்கும் நிறுத்தாதீர்கள். அன்றைய மாலை ஏ-வை இரவுக்கு நகர்த்தி, அவர் வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள், கொஞ்சம் தூங்கிவிட்டு வரட்டும். மாலையை அனுபவமுள்ள பி நடத்தட்டும், இன்சார்ஜ் சிஸ்டர் ஓரிரு மணி நேரம் கூடுதலாக இருக்கலாம். காலியிடம் இரவிலிருந்து மாலைக்கு நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மாலையில் டாக்டர்களும் கேட்க ஆட்களும் இருக்கிறார்கள்.

புதியவர்களை வைப்பதில் இருக்கும் பெரிய கேள்வி, அவர்களை யாரோடு வைப்பது என்பது. ஏ-வோடு வைக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கள் கருத்து வேறு. ஏ ஷிப்டை நடத்துகிறார்: போன், அட்மிஷன், உறவினர்களின் சண்டை, டாக்டரின் கேள்வி எல்லாம் அவரிடம்தான் வரும். அவரிடமே புதியவரையும் ஒப்படைத்தால் கற்றுக்கொடுப்பது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அறுபடும். புதியவருக்குத் துணையாக ஒன்றரை இரண்டு வருடம் ஆன பி ஒருவரை வையுங்கள். எதில் தடுமாறுவோம் என்பது அவருக்கு இன்னும் நினைவிருக்கும், புதியவரும் அவரிடம் கூச்சமில்லாமல் கேட்பார். அந்த இருவருக்கும் மேலே ஏ இருக்கிறார்.

அதனால் முதல் நான்கு வாரம் சி-க்குத் தனி வரி போடாதீர்கள். துணை பி-யின் வரியை அப்படியே நகலெடுத்துப் போடுங்கள், இரவைத் தவிர. பி இரவுக்குப் போகும் நாட்களில் சி எப்போதும் ஒரே மாற்று பி-யோடு பகலில் இருக்கட்டும். தினம் ஒருவர் என்று மாறினால் ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுப்பார். ஐந்தாவது வாரத்தில் துணை பி-யோடு சேர்த்து முதல் இரவு. அந்த நான்கு வாரம் இரவில் சி-க்கு உரிய இடத்தைப் பழைய சி அல்லது இன்னொரு பி நிரப்ப வேண்டும். ஏழு பி வேண்டும் என்று மேலே வைத்ததன் காரணம் இதுவும்தான்: மூன்று ஷிப்டுக்கும் சேர்த்து வாரம் 35 பி தேவை, ஏழு பேர் 36 வரை தருவார்கள். மிச்சம் மிகக் குறைவு.

இந்த இடத்தில் வார்டு எத்தனை புதியவர்களைத் தாங்கும் என்ற எல்லையும் தெரிந்துவிடுகிறது. காலை 2, மாலை 1, இரவு 1 என்று நாளுக்கு 4 சி இடம், வாரம் 28. ஐந்து சி வரை சரியாகப் பொருந்தும். கல்லூரி முடித்து ஒரே பேட்ச்சாக வருபவர்களில் எட்டுப் பேரை மனிதவளத் துறை ஒரே வார்டுக்கு அனுப்பினால் வாரம் 42 சி ஷிப்ட் ஆகிவிடும். 14 இடத்தில் பி-க்குப் பதில் சி நிற்பார். இதை லிஸ்ட்டால் தீர்க்க முடியாது. நர்ஸிங் சூப்பரின்டென்டென்ட்டிடம் இந்தக் கணக்கைக் காட்டி, மூன்று பேரை வேறு வார்டுக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆறு வாரம் கழித்துச் சேரச் சொல்லுங்கள். புகாராகப் போனால் எடுபடாது, 28-க்கு 42 என்று எண்ணாகப் போனால் கேட்பார்கள்.

லிஸ்ட்டில் கலவை சரியாக இருந்தும் வார்டில் கலவை இல்லாமல் போவது எப்படி? படுக்கை பிரிக்கும்போது. இரவில் 24-ஐ மூன்றால் வகுத்து 1 முதல் 8 ஒருவர், 9 முதல் 16 ஒருவர், 17 முதல் 24 ஒருவர் என்று கொடுப்பது வழக்கம். 17 முதல் 24 வரை சி-க்கு விழுந்து, அன்றைக்கு மோசமான நோயாளி இருவர் 19-லும் 22-லும் இருந்தால் அந்த ஷிப்டில் அனுபவம் இருந்தும் இல்லாததுபோல்தான். ஹேண்ட்ஓவர் முடிந்ததும் ஏ ஐந்து நிமிடம் எடுத்து நோயாளிகளைப் பார்த்துப் பிரிக்க வேண்டும். மோசமான நோயாளிகளை ஏ எடுத்துக்கொண்டு எண்ணிக்கையைக் குறைத்துக்கொள்ளட்டும், 6 போதும். பி-க்கு 10. சி-க்கு நிலையாக இருக்கும் 8 பேர். சி-யின் படுக்கைகள் பி-யின் படுக்கைகளுக்கு ஒட்டியே இருக்க வேண்டும், வராந்தாவின் மறுகோடியில் இருக்கக் கூடாது. ஒருவேளை ஏ எடுத்த மோசமான நோயாளிக்கு ஏதாவது ஆனால் சி அங்கே போய் நின்று உதவட்டும், பார்க்கட்டும். நிலையான நோயாளிகளை மட்டுமே ஆறு மாதம் பார்த்தவர் பி ஆகமாட்டார்.

இரவில் கலவை உடையும் இன்னொரு நேரம் ஓய்வு நேரம். 12 மணி நேர ஷிப்டில் ஆளுக்கு ஒன்றரை மணி நேரம் படுக்க விடுகிறார்கள். ஏ படுத்திருக்கும்போது பி ஒரு நோயாளியை சி.டி. ஸ்கேனுக்கு அழைத்துப்போனால், 23 படுக்கைக்கும் சி ஒருவர்தான். லிஸ்ட்டில் மூன்று பேர் இருப்பார்கள், வார்டில் மூன்று மாத அனுபவம் மட்டும் இருக்கும். அதனால் இரண்டு விதி. ஏ-வும் பி-யும் ஒரே நேரத்தில் வார்டை விட்டு விலகக் கூடாது. பி கீழே போக வேண்டுமென்றால் ஏ-வை எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். இரண்டாவது, ஓய்வு வரிசை: ஏ முதலில், 12:30-க்கு. அப்போது மாலையில் வந்த அட்மிஷன்கள் அடங்கியிருக்கும். அடுத்து சி, கடைசியில் பி. 3 மணிக்கு மேல் நோயாளிகள் மோசமாகும் நேரத்திலும், 5 மணிக்கு ரத்த மாதிரி எடுத்து 6 மணி மருந்துக்குத் தயாராகும் நேரத்திலும் ஏ விழித்திருப்பார். வழக்கமாக மூத்தவர்கள் கடைசி ஓய்வைத்தான் கேட்பார்கள், அது வசதி. ஆனால் விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்பது தப்பில்லை.

போட்ட லிஸ்ட்டை உடைப்பது ஷிப்ட் மாற்றிக்கொள்வதுதான். ‘மியூச்சுவல்’ என்று இருவர் பேசிக்கொண்டு மாறுவார்கள், ஆள் எண்ணிக்கை சரியாகவே இருக்கும், தரம் மாறிவிடும். ஒரே கல்லூரியில் படித்து ஒரே ஹாஸ்டல் அறையில் இருக்கும் மூன்று புதியவர்கள் ஒன்றாக டூட்டி வர ஆசைப்படுவது இயல்பு. அவர்களைத் திட்டிப் பயனில்லை. ஏ-க்கு ஏ, பி-க்கு பி, சி-க்கு சி மட்டும்தான் மாறலாம் என்று எழுதி ஒட்டிவிடுங்கள்; மாறுபவர் இருவரும் இன்சார்ஜும் கையெழுத்திட்ட சீட்டு இல்லாமல் மாற்றம் செல்லாது. தர எழுத்தைப் பெயருக்குப் பக்கத்தில் எல்லோரும் பார்க்கும் லிஸ்ட்டில் போடுவது சிலரைப் புண்படுத்தும். அதனால் ஒட்டும் தாளில் தரம் வேண்டாம், யார் யாரோடு மாறலாம் என்பதை மட்டும் சொல்லுங்கள். தரம் உங்கள் கோப்பில் இருக்கட்டும்.

பண்டிகைக்கு என்று தனியாக ஒரு வார்த்தை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஏ-க்களில் பலர் கேட்பார்கள், கிறிஸ்துமஸுக்குக் கன்னியாகுமரிப் பக்கத்து ஸ்டாஃப், ஓணத்துக்குக் கேரளத்து ஸ்டாஃப். நான்கு ஏ-க்களில் ஒரு நேரத்தில் ஒருவருக்குத்தான் விடுப்பு என்பதைத் தளர்த்தவே கூடாது. யாருக்கு எந்தப் பண்டிகை என்று வருடம் தொடங்கும் முன்பே கேட்டு எழுதிவிட்டால், நான்கு பேரின் ஆசை பலமுறை நான்கு வெவ்வேறு நாளாகவே இருப்பதைக் காணலாம்.

நான்கு ஏ என்பது எப்போதும் நான்காகவே இருக்காது. இரண்டு வருட அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்ததும் வளைகுடா, பிரிட்டன் என்று கிளம்புபவர்கள் பலர், அது அவர்கள் உரிமை. ஒரு மாத நோட்டீஸில் ஒரு ஏ-வை உருவாக்க முடியாது. அதனால் பி-க்களில் ஒருவர் எப்போதும் தயாராகிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு வழி, ஏ இருக்கும் மாலை ஷிப்டிலேயே வாரம் ஒரு நாள் பொறுப்பை அந்த பி-யிடம் கொடுப்பது. அன்றைக்கு ஏ நோயாளிகளை மட்டும் பார்ப்பார், கேட்டால் மட்டும் பதில் சொல்வார், குறுக்கிடமாட்டார். எட்டு முதல் பத்து மாலை இப்படி நடத்தியவரை ஞாயிறு காலைக்குத் தனியாக விடலாம். அதன் பிறகுதான் இரவு. ஆள் இல்லை என்பதற்காக பி ஒருவரைக் கோப்பில் ஏ என்று எழுதிக்கொள்வதுதான் இந்த வேலையில் செய்யக்கூடிய மிகப்பெரிய தவறு. கோப்பு பச்சையாகத் தெரியும், மேலே இருப்பவர்களுக்குக் குறை இருப்பதே தெரியாது, அந்தப் பெண் மட்டும் இரவில் தனியாக நின்று பயப்படுவார். இடம் காலி என்றால் காலி என்று சிவப்பில் விட்டு மேலே அனுப்புங்கள்.

கலவை உண்மையில் வேலை செய்கிறதா என்பதைத் தவறு நடந்த அறிக்கைகள் வரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டாம். சின்ன அடையாளங்கள் முன்பே வரும். இரவில் இன்சார்ஜ் சிஸ்டரின் வீட்டுக்குப் போன் வருகிறதா, எந்தக் கிழமைகளில்? 6 மணி மருந்து 7 மணிக்குப் போகிறதா? ஷிப்ட் முடிந்து ஒரு மணி நேரம் ஆகியும் ஏ சார்ட் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா? கடைசியாகச் சொன்னது, சி-யின் வேலையையும் சேர்த்து ஏ செய்கிறார் என்பதற்கு அடையாளம். அது கலவை இல்லை, ஒருவர் மேல் இருவர் பாரம். அந்த சி-யின் துணை பி-யை மாற்றிப் பாருங்கள், அல்லது படுக்கைப் பிரிப்பைப் பாருங்கள்.

எக்செல்லில் லிஸ்ட் போடுபவர்களுக்குச் சரிபார்ப்பு சுலபம். முதல் நெடுவரிசையில் பெயர், இரண்டாவதில் தரம் A, B, C என்று ஆங்கில எழுத்தில், மூன்றாவதிலிருந்து தேதிகள், கட்டங்களில் காலைக்கு M, மாலைக்கு E, இரவுக்கு N. 16 பேர் 2 முதல் 17 வரையிலான வரிகளில் இருந்தால், முதல் தேதிக்குரிய மூன்றாவது நெடுவரிசையில் கீழே இந்த இரண்டு வரிகளைப் போட்டு வலப்பக்கம் இழுத்துவிடுங்கள்.

```
=COUNTIFS($B$2:$B$17,"A",C$2:C$17,"N")
=COUNTIFS($B$2:$B$17,"C",C$2:C$17,"N")
```

முதல் வரி அந்த இரவில் எத்தனை ஏ என்று சொல்லும், 0 வந்தால் கட்டம் சிவப்பாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எத்தனை சி என்று சொல்லும், 1-ஐத் தாண்டினால் சிவப்பு. மாலைக்கும் காலைக்கும் N-க்குப் பதில் E, M. மாலையில் சி 1 வரை, காலையில் 2 வரை. ஷிப்ட் மாற்றச் சீட்டு வரும்போதெல்லாம் கையெழுத்திடும் முன் கோப்பில் மாற்றிப் பாருங்கள். மாதம் 25-ஆம் தேதிக்குள் லிஸ்ட் ஒட்டப்பட்டால், ஒன்றாம் தேதிக்கு முன் இந்த மாற்றங்களைப் பார்க்கச் சில நாட்களாவது கையில் இருக்கும்.